ஒழுகிய மூக்கு ஏன் அடைத்துக்கொள்கிறது?

போன மார்கழியில் எனக்குப் பிடித்த ஜலதோஷத்தை மணி பார்த்துக் குறித்துவைத்தேன். செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தொண்டையில் லேசான கரகரப்பு. புதன் காலை பல் தேய்க்கும்போதே ஐந்தாறு தும்மல். பத்து மணிக்குள் ஒரு கைக்குட்டை நனைந்துபோய் இரண்டாவதை எடுத்தாயிற்று. குனிந்து செருப்பு மாட்டினால் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் போலச் சொட்டியது. வியாழன் பிற்பகல் ஒழுகல் குறைந்தது, விட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்று இரவு வலப் பக்கம் சாய்ந்து படுத்த கொஞ்ச நேரத்தில் வலது மூக்கு அடைத்தது. இரண்டு மணிக்குப் புரண்டு படுத்தேன். வலது திறந்தது, இடது மூடிக்கொண்டது. வெள்ளிக் காலை கண்ணில் நீர் வரும்வரை சிந்திப் பார்த்தேன். கைக்குட்டையில் ஒன்றும் இல்லை. மூக்கு மட்டும் அப்படியே அடைத்திருந்தது.

அந்தக் காய்ந்த கைக்குட்டையிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. மூக்கடைப்பு என்றால் சளி கெட்டியாகிக் குழாயில் மாட்டிக்கொண்டது என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாக்கடை அடைப்பு மாதிரி, பலமாக ஊதினால் போய்விடும் என்று. உண்மையில் ஜலதோஷத்தில் வழியை மறிப்பதில் பெரும் பங்கு மூக்கின் சொந்தச் சதைக்கு. அது ரத்தம் ஏறி வீங்கியிருக்கிறது. ஒழுகுவது சுரப்பிகளின் வேலை, அடைப்பது ரத்தக் குழாய்களின் வேலை. இரண்டையும் தூண்டிவிடும் கிருமி ஒன்றுதான். ஆனால் வேலை செய்யும் உறுப்பும், அதற்குக் கட்டளை இடும் நரம்பும், அதற்குக் கேட்கும் மருந்தும் வேறுவேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் ஒழுகலுக்கான மாத்திரையை அடைப்புக்கும், அடைப்புக்கான சொட்டு மருந்தை ஒழுகலுக்கும் போட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூக்குத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தால் அது ஒரு வெறும் குழாய் என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போனால் அப்படி இல்லை. நடுவில் ஒரு சுவர். பக்கச் சுவரிலிருந்து மூன்று மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுருண்டு தொங்குகின்றன. டாக்டர்கள் இவற்றை டர்பினேட் என்பார்கள். கீழே இருக்கும் மடிப்புதான் பெரியது. ஆட்காட்டி விரல் அளவுக்கு நீண்டு உள்ளே போகும் அதை, மூக்கில் சதை வளர்ந்துவிட்டது என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் இருக்கும் சதை அது. மடிப்புக்கும் நடுச்சுவருக்கும் இடையில் காற்றுக்கு மிஞ்சுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நெட்டிடுக்கு. மூச்சுக் காற்று முழுவதும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

கீழ் மடிப்பின் தோலுக்கு அடியில் ரத்த நாளங்கள் சாதாரணக் குழாய்களாக இல்லை. சிறு சிறு அறைகளாக, பஞ்சு போல இருக்கின்றன. ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். உடலில் இப்படிப்பட்ட பஞ்சுத் திசு மிகச் சில இடங்களில்தான் உண்டு. மூக்கில் அது எதற்கு என்றால், வெளியிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்றை நுரையீரலுக்குப் போகும் முன் சூடாக்கி ஈரமாக்குவதற்கு. ஒரு வகையில் அது வெந்நீர் ஓடும் ரேடியேட்டர். சாதாரண நேரத்தில் அந்த அறைகள் முழுக்க நிறைந்துவிடாதபடி ஒரு நரம்பு அவற்றை ஓயாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சிம்பதெடிக் நரம்பு என்பது அதன் பெயர். ஓடும்போது, பயப்படும்போது இதயத்தை வேகமாக்கும் அதே நரம்பு மண்டலம்தான்.

இந்தப் பிடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜலதோஷத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் சான்று இருக்கிறது. கை வலிக்காகச் சில நோயாளிகளுக்குக் கழுத்தில் இந்த நரம்பு முடிச்சை மரத்துப்போகச் செய்வார்கள். ஊசி சரியான இடத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்க மயக்க மருத்துவர் கவனிக்கும் அடையாளங்களில் ஒன்று, அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்வது. கிருமியும் இல்லை, சளியும் இல்லை. பிடி தளர்ந்தது, சதை உப்பியது, மூக்கு மூடியது. புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் சிலர் மூக்கு அடைக்கிறது என்று சொல்வதும் இதனால்தான். அந்த வகை மருந்துகள் இதே நரம்பின் சமிக்ஞையைத் தடுக்கின்றன.

இனி கிருமிக்கு வருவோம். ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவை. அதிகம் காரணமாவது ரைனோவைரஸ். அதில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட மூக்கின் 33, 34 டிகிரி அதற்கு வசதி. கையிலிருந்து கண்ணுக்கோ மூக்குக்கோ போய்ச் சேர்ந்தால், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே முதல் அறிகுறி தெரியலாம். இரண்டு மூன்று நாளில் உச்சம், ஏழு முதல் பத்து நாளில் முடிவு.

வைரஸ் மூக்கின் சவ்வைப் புண்ணாக்குகிறது, அந்தப் புண்ணிலிருந்துதான் நீர் வடிகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1980களில் டென்மார்க்கைச் சேர்ந்த பிர்கிட் வின்தரும் சகாக்களும் ஜலதோஷம் பிடித்தவர்களின் மூக்குச் சவ்வில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சவ்வு பெரும்பாலும் அப்படியே இருந்தது. இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் போல ரைனோவைரஸ் செல்களை வாரிக்கொண்டு போவதில்லை, அது தொற்றுவதே மொத்தச் செல்களில் ஒரு சிறு பகுதியை. அப்படியானால் இத்தனை ஆர்ப்பாட்டம் யாருடையது? நம்முடையது. தொற்றிய செல்கள் எச்சரிக்கைப் பொருள்களை வெளியிடுகின்றன, அவற்றுக்கு உடல் கொடுக்கும் பதில்தான் நாம் ஜலதோஷம் என்று சொல்கிற அவ்வளவும்.

அந்தப் பொருள்களில் ஒன்றுக்குப் பிராடிகைனின் என்று பெயர். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டேவிட் பிரவுடும் ராபர்ட் நக்ளெரியோவும் சேர்ந்து செய்த சோதனைகளில் இது பிடிபட்டது. தன்னார்வலர்களுக்கு ரைனோவைரஸைக் கொடுத்து, தினமும் மூக்கைக் கழுவி அந்த நீரைப் பரிசோதித்தார்கள். ஜலதோஷம் வந்தவர்களிடம் பிராடிகைனின் வகைப் பொருள்கள் ஏறியிருந்தன. ஒவ்வாமையில் ஏறும் ஹிஸ்டமின் ஏறவில்லை. பிறகு நோயில்லாதவர்களின் மூக்கில் பிராடிகைனினை மட்டும் தெளித்துப் பார்த்தபோது ஒழுகல், அடைப்பு, தொண்டைக் கரகரப்பு மூன்றும் வந்தன. என் செவ்வாய் மாலைக் கரகரப்புக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

ஆனால் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. பிராடிகைனினைத் தடுக்கும் மருந்து ஒன்றை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருந்த ஜலதோஷ ஆய்வு மையத்தில் சோதித்தார்கள். 1946 முதல் 1990 வரை நடந்த அந்த மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பத்து நாள் இலவசமாகத் தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக்குப் பணம் என்று கொடுத்து ஆரோக்கியமானவர்களை வரவழைத்து, மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, ஜலதோஷம் வருகிறதா என்று காத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டைகளை எண்ணி, எடை போட்டு, எவ்வளவு ஒழுகியது என்று கணக்கு வைத்தார்கள். ஒழுகலை எடை போடலாம், அடைப்பை எடை போட முடியாது என்ற வேறுபாடு அந்தக் கணக்கிலேயே இருந்தது. பிராடிகைனின் தடுப்பு மருந்தால் அங்கே பயன் தெரியவில்லை. எச்சரிக்கை மணி ஒன்றல்ல, பல என்பதே இதற்கு அர்த்தம். ஒன்றை நிறுத்தினால் மற்றவை அடித்துக்கொண்டிருக்கும்.

ஒழுகல் ஏன் முந்துகிறது? மூக்கின் சவ்வில் வலி, அரிப்பு உணரும் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன. எச்சரிக்கைப் பொருள்கள் அவற்றைச் சீண்டியதும் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், சுரப்பிகளுக்குக் கட்டளையாகத் திரும்புகிறது. மிளகாய் வறுக்கும் அடுப்படிக்குள் நுழைந்தவுடன் மூக்கில் நீர் கொட்டுகிறதே, அதே பாதைதான். இதில் எதுவும் புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை. சுரப்பியில் நீர் தயாராக இருக்கிறது, நரம்பு தயாராக இருக்கிறது, நொடிகளில் வேலை நடக்கும். தும்மலும் அந்தப் பாதையின் இன்னொரு கிளை. கூடவே நுண்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கொஞ்சம் கசிந்து சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் முதல் நாள் ஒழுகுவது சளி போலவே இருப்பதில்லை, தண்ணீர் போல இருக்கிறது.

இந்த ஒழுகல் நரம்பின் வேலை என்பதை ஒரு மருந்து காட்டிக்கொடுக்கிறது. இப்ராட்ரோபியம் என்ற மருந்தை மூக்கில் தெளித்தால் சுரப்பிக்குப் போகும் கட்டளை தடைபடும். 1990களில் நடந்த சோதனைகளில் அது ஒழுகலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. அடைப்பை ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு பக்கம், ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் ரத்த அறைகளை இறுக்கி அடைப்பைச் சில நிமிடங்களில் திறக்கின்றன, ஒழுகலைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஒரே மூக்கில் இரண்டு தனித்தனிக் குழாய்த் திருகுகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மூக்கு ஒழுகி முடித்தபின்தான் வீங்கத் தொடங்குகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பிராடிகைனின் தெளித்த சோதனையில் ஒழுகலும் அடைப்பும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்தன. ஜலதோஷத்திலும் வீக்கம் முதல் நாளே தொடங்கிவிடுகிறது என்பதே என் கணிப்பு. நமக்குத்தான் தெரிவதில்லை. ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நெட்டிடுக்கின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஒடுங்கிய இடுக்கில் சீராக ஓடும் காற்றின் அளவு, அகலத்தின் கன மடங்கைப் பொறுத்தது. அகலம் பாதியானால் காற்றும் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். முதல் நாள் இரண்டு பக்கமும் சவ்வு கால் மில்லிமீட்டர் உப்புகிறது. இடுக்கு இரண்டரை மில்லிமீட்டர், காற்று பழைய அளவில் சுமார் 58 சதவீதம். இன்னொரு மூக்கும் இருக்கிறது, கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டால் போதும். நாம் கவனிப்பதில்லை. அடுத்த நாள் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர், அதாவது நோட்டுப் புத்தகத் தாள் ஐந்தை அடுக்கினால் வரும் தடிமன். இடுக்கு 2 மில்லிமீட்டர், காற்று 30 சதவீதம். இப்போது படியேறும்போது தெரியும். அதற்கடுத்த நாள் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர். இடுக்கில் இன்னமும் ஒரு மில்லிமீட்டர் திறந்துதான் இருக்கிறது, ஆனால் காற்று 27இல் ஒரு பங்கு, 4 சதவீதத்துக்கும் குறைவு. மூக்கு அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிடுவோம்.

நிஜ மூக்கின் வழி இத்தனை நேர்த்தியான இடுக்கு இல்லை, காற்றும் சுழன்று போகும், அதனால் இந்த எண்களைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போக்கு உண்மை. வீக்கம் சிறிது சிறிதாக ஏறுகிறது, அடைப்பு திடீரென்று வருகிறது. ஒழுகலுக்கு இந்தத் தாமதம் இல்லை. முதல் சொட்டு உதட்டைத் தொட்டதுமே தெரிந்துவிடும். முதலில் ஒழுகிப் பிறகு அடைக்கும் அந்த வரிசையில் பாதி, நம் உணர்வுக்கு எது முதலில் எட்டுகிறது என்பதால் வருவது.

மற்ற பாதி உண்மையான தாமதம். ரத்த அறைகள் நிறைய வேண்டும் என்றால் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்பின் பிடியை மீற வேண்டும். எச்சரிக்கைப் பொருள்கள் மணிக்கணக்கில் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. குழாய்ச் சுவரிலிருந்து கசிந்த நீர் வெளியே மட்டும் வருவதில்லை, சவ்வுக்குள்ளேயும் ஊறிச் சதையை ஊதவைக்கிறது. இதற்குள் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. ஒழுகும் நீர் குறைகிறது, சளியை உண்டாக்கும் செல்கள் அதிகம் வேலை செய்கின்றன, செத்த வெள்ளணுக்களின் சரக்கு அதில் கலக்கிறது. தண்ணீராக இருந்தது மூன்றாம் நான்காம் நாளில் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது. அந்தப் பச்சை வெள்ளணுக்களுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் என்ற இரும்புச் சத்துள்ள நொதியின் நிறம். பாக்டீரியா வந்துவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பச்சைச் சளியைக் காட்டி மருந்துக்கடையில் கேப்சூல் வாங்கிப் போகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

கெட்டிச் சளியும் வழியைக் கொஞ்சம் அடைக்கத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. சாதாரணமாக மூக்கின் நுண்மயிர்கள் நிமிடத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வேகத்தில் சளியைப் பின்னால் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், நாம் அறியாமல் விழுங்கிக்கொண்டே இருப்போம். ஜலதோஷத்தில் அந்த ஓட்டம் தளர்கிறது. ஆனாலும் சளியைச் சிந்தியபின் அடைப்பு நீங்கவில்லை என்றால், மிச்சம் இருப்பது வீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஊதித் தள்ள முடியாது.

இரவில் ஏன் மோசம், ஏன் பக்கம் மாறி மாறி அடைக்கிறது? ஜலதோஷம் இல்லாதபோதும் நம் இரண்டு மூக்கும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. ஒரு பக்கம் சற்று உப்பியிருக்க மறுபக்கம் சுருங்கியிருக்கும், சில மணி நேரத்தில் முறை மாறும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். நம் ஊரில் யோகமும் சித்தர் மரபும் அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. இடகலை, பிங்கலை என்று இடமூச்சையும் வலமூச்சையும் பிரித்து, எந்நேரம் எது ஓடுகிறது என்று பார்க்கும் சரம் பார்த்தல் இங்கே பழையது. அதிலிருந்து அவர்கள் பெற்ற பலாபலன்களுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு பக்கம் மாறுகிறது என்ற கவனிப்பு சரியானது.

ஆரோக்கியமான நாளில் இந்த மாற்றம் நமக்குத் தெரியாது, இரண்டும் சேர்ந்தால் போதுமான காற்று வந்துவிடும். ஜலதோஷத்தில் இரண்டு பக்கமும் வீங்கியிருக்கும்போது, உப்பும் முறை யாருடையதோ அந்தப் பக்கம் முழுவதுமாக மூடிக்கொள்கிறது. மேலே போட்ட கணக்கில் கடைசி அரை மில்லிமீட்டரை இந்த முறைமாற்றம் கொடுக்கிறது அல்லது எடுக்கிறது. படுத்தால் தலைக்கு வரும் ரத்தம் சரியாக வடியாது, பஞ்சுத் திசு மேலும் நிறையும். ஒருக்களித்துப் படுத்தால் இன்னொன்றும் சேரும். அக்குளும் விலாவும் அழுந்தும் பக்கத்தில் மூக்கு உப்பி, எதிர்ப்பக்கம் திறக்கும், இது நரம்பு வழியாக நடப்பது. படங்களில் முனிவர்கள் அக்குளுக்கடியில் ஒரு யோகதண்டத்தை ஊன்றி உட்கார்ந்திருப்பார்களே, மூச்சைப் பக்கம் மாற்ற அந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். என் வியாழன் இரவுக் கூத்துக்கும் அதுதான் காரணம். எழுந்து நாலு முறை மாடிப்படி ஏறி இறங்கினால் கொஞ்ச நேரம் திறக்கும், உடற்பயிற்சி அந்த இறுக்கும் நரம்பை முடுக்குகிறது.

வீக்கம் மூச்சை மட்டும் மறிப்பதில்லை. மூக்கின் பக்கச் சுவரில் பல சிறு வாசல்கள் இருக்கின்றன, அவையும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. சைனஸ் என்ற சொல்லை நாம் நோயின் பெயராக ஆக்கிவிட்டோம், எனக்கு சைனஸ் இருக்கிறது என்பார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது. கன்னத்திலும் நெற்றியிலும் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள் அவை. அவற்றின் வாசல் சில மில்லிமீட்டர்தான். வாசலைச் சுற்றிய சவ்வு வீங்கினால் அறை பூட்டிக்கொள்கிறது. உள்ளே மாட்டிய காற்றிலிருந்து பிராணவாயு ரத்தத்தில் உறிஞ்சப்பட, அறையில் அழுத்தம் குறைந்து கன்னமும் கண் மேலும் கனக்கும். வர்ஜீனியாவில் ஜாக் க்வால்ட்னி 1994இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 27 பேருக்குக் கன்னச் சைனஸில் கோளாறு தெரிந்தது. இரண்டு வாரம் கழித்துச் சிலருக்குத் திரும்ப எடுத்தபோது, ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமலே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகியோ குறைந்தோ இருந்தது. சாதாரண ஜலதோஷமே சைனஸையும் பிடிக்கும், தானே விடும்.

அதே க்வால்ட்னி குழு பிறகு இன்னொன்றையும் காட்டியது. தும்மும்போதும் இருமும்போதும் மூக்கினுள் ஏறும் அழுத்தத்தைவிட, பலமாக மூக்குச் சிந்தும்போது ஏறுவது ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த அழுத்தம் மூக்கின் நீரைச் சைனஸுக்குள் தள்ளிவிடுகிறது. வீக்கத்தை ஊதித் திறக்க முயலும் ஒவ்வொரு தடவையும் நாம் செய்வது இதைத்தான். சிந்துவதானால் ஒரு பக்கத்தை மூடி, மெல்லச் சிந்துங்கள்.

காதுக்குப் போகும் குழாயின் வாயும் மூக்கின் பின்புறத்தில்தான் திறக்கிறது. அது வீங்கினால் காது அடைத்து, நம் குரல் நமக்கே பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். இந்த நிலையில் விமானம் இறங்கும்போது வரும் காதுவலியை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். வாசனை உணரும் இடமோ மூக்கின் கூரையில் இருக்கிறது, அங்கே காற்று எட்டாததால் ரசத்தில் புளிப்பும் காரமும் உப்பும் தெரியும், ரசம் தெரியாது.

பேச்சில் நடப்பதை மட்டும் தமிழ் படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக ரசிக்கலாம். மெல்லின எழுத்து ஆறும் மூக்கின் வளியால் ஒலிப்பவை என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ம சொல்ல உதடுகள் மூடிக் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். அந்த வழி அடைத்திருந்தால் உதடுகள் மூடியது மூடியபடி, ஒலி அதன் இனமான ப பக்கம் சாயும். ந, த ஆகும். மாமா என்று கூப்பிட்டால் பாபா என்று கேட்கும். மூக்கால் பேசுகிறான் என்று இதைச் சொல்கிறோம், நேர்மாறு, மூக்கு இல்லாமல் பேசுகிறான்.

கைக்குழந்தைகளிடம் இது வேடிக்கை இல்லை. பிறந்து முதல் சில மாதங்களுக்குக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அடைத்த மூக்கோடு பால் குடிக்கத் தொடங்கினால் மூச்சுக்காக மார்பை விட்டுவிட்டு அழும், திரும்பக் கவ்வும், திரும்ப விடும். பசியில்லை என்று நினைப்பார்கள். பால் கொடுக்கும் முன் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டு மெல்லத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் குடித்துவிடும். நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் பாதிக்கும் கீழே போனாலோ டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

வீட்டு வைத்தியத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். தைலம் தேய்த்ததும், மென்தால் முகர்ந்ததும் மூக்கு ஜில்லென்று திறந்தது போல இருக்கும். கார்டிஃபில் ஜலதோஷ மையத்தை நடத்திய ரான் எக்கிள்ஸ் இதை அளந்து பார்த்தார். காற்றுக்கு இருந்த தடை மாறவில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பை மென்தால் தூண்டுகிறது, மூளை அதைக் காற்றோட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. ஏமாற்றுதான், ஆனால் தூங்குவதற்கு அந்த ஏமாற்று போதும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், சளி இளகும். நோயின் நாள்களைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று சேரவில்லை. கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள், வெந்துபோய் வருகிற குழந்தைகள் உண்டு.

மாத்திரைகளின் கதை இன்னும் சங்கடமானது. பழைய வகை ஒவ்வாமை மாத்திரை ஒழுகலைச் சற்று உலர்த்துகிறது, ஹிஸ்டமினைத் தடுப்பதால் அவ்வளவாக இல்லை, சுரப்பிக்குப் போகும் கட்டளையையும் சேர்த்துத் தடுப்பதால். தூக்கம் வராத புது வகைக்கு அந்தக் குணம் இல்லை, ஜலதோஷத்தில் பயனும் குறைவு. அடைப்புக்கு என்று நம் ஊர்ச் சளி மாத்திரைகளில் பரவலாகச் சேர்க்கப்படுவது ஃபினைல்எஃப்ரின். அது மூக்கில் நேராகப் பட்டால் வேலை செய்யும். விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபினைல்எஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர், குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்தட்டையில் அச்சிட உத்தரவிட்டார். வீட்டிலிருக்கும் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு பெயரும் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும்.

சொட்டு மருந்து வேலை செய்கிறது, அதுதான் அதன் ஆபத்தும். தளர்ந்த நரம்பின் வேலையை அது தானே எடுத்துக்கொண்டு ரத்த அறைகளை இறுக்குகிறது. நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் குழாய்களுக்கு அது பழகிப்போகிறது. மருந்தின் வீரியம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாக உப்புகின்றன. உடனே இன்னும் இரண்டு சொட்டு. ஜலதோஷம் என்றோ போயிருக்கும், அடைப்பு மட்டும் மருந்தால் மருந்துக்காக நிற்கும். தலையணைக்கடியில் அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு பல மாதமாகத் தூங்கும் ஒருவரை எனக்குத் தெரியும், வெளியூர் போனால் சட்டைப் பையில் இரண்டு குப்பி எடுத்துப் போவார். அவருக்கு இருந்தது மூன்று நாள் ஜலதோஷம்.

பத்து நாள் தாண்டியும் குறையாத அடைப்பு, குறைந்து வந்து திரும்பக் காய்ச்சலோடு ஏறும் கன்னவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, குழந்தையின் ஒரு மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி (பெரும்பாலும் உள்ளே ஒரு பட்டாணியோ மணியோ இருக்கும்): இவை காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியவை. மற்றபடி, இரவு தூங்க முடியவில்லை என்று சொட்டு மருந்தை எடுத்தால், குப்பி மேல் தேதியை எழுதிவையுங்கள். ஐந்தாம் நாள் அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.